மச்சானின் பட்டறையும் மூன்று கொட்டேஷன்களும்

கொள்முதல், ஸ்டோர்ஸ், தரப் பரிசோதனை, பில் பாஸிங் பிரிவுகளில் வேலை செய்கிற நண்பர்களுக்கு,



ஏப்ரல் பிறந்தால் மனிதவளத் துறையிலிருந்து ஒரு படிவம் வரும். கம்பெனியின் நடத்தை நெறிமுறையைப் படித்தேன், ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதன் நடுவில் அரைப் பக்கத்துக்கு ஒரு பகுதி இருக்கும். கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்று தலைப்பு; தமிழில் அச்சடிக்கிற கம்பெனிகள் நலன் முரண் என்று போடுகின்றன. ‘கம்பெனியோடு வியாபாரம் செய்யும் எந்த நிறுவனத்திலாவது உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பங்கு, பதவி, வருமானம் உண்டா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் போட்டிருப்பார்கள். பெரும்பாலோர் ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கோவை வட்டாரத்தில் பம்ப், மோட்டார், வார்ப்படத் தொழிற்சாலைகளின் கணக்குகளை உள் தணிக்கை செய்கிறவன் நான். அந்த ‘இல்லை’களில் பல, பொய் சொல்லும் எண்ணத்தில் எழுதப்பட்டவை அல்ல என்பது எனக்குத் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்தப் பகுதி எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். கம்பெனிக்காக ஒரு முடிவு எடுக்கும் இடத்தில், அல்லது அந்த முடிவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த முடிவால் உங்களுக்கோ உங்களுக்கு வேண்டியவருக்கோ லாபமோ நஷ்டமோ வரும். இவை இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தாலே அது நலன் முரண். நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க வேண்டாம். தவறான முடிவு எடுத்திருக்கவும் வேண்டாம்.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. ‘பதினைந்து வருஷமா வேலை பாக்கறேன், என்னைச் சந்தேகப்படறீங்களா?’ என்று கேட்கிறார்கள். சந்தேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. பொதுத் தேர்வில் தன் பிள்ளை எழுதும் மையத்தில் ஓர் ஆசிரியருக்குக் கண்காணிப்புப் பணி கொடுப்பதில்லை. அவர் நேர்மையற்றவர் என்று யாரும் அதற்கு அர்த்தம் சொல்வதில்லை, அவரும் வருத்தப்படுவதில்லை. நெறிமுறை பேசுவதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றித்தான், உங்கள் குணத்தைப் பற்றி அல்ல. அதனால் ‘ஆம்’ என்று டிக் அடிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. சொல்லாமல் விடுவதுதான் நெறிமுறை மீறல்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். நான் உண்டாக்கிச் சொல்வதுதான் என்றாலும், இதன் ஒவ்வொரு துண்டும் நம் தொழிலில் அன்றாடம் நடப்பது.

ஒரு பம்ப் தொழிற்சாலை. மாதம் 3,000 ஷாஃப்டுகளை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துக் கடைந்து வாங்குகிறார்கள். கொள்முதல் அலுவலர் ஒருவர் இந்த வேலையைப் பார்க்கிறார். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பர்ச்சேஸ் ஆர்டருக்கு அவர் கையெழுத்தே போதும். அதற்கு மேல் போனால் மேலாளர் கையெழுத்து வேண்டும். அவருடைய மனைவியின் தம்பி, இரண்டு சி.என்.சி. லேத் போட்டு ஒரு பட்டறை நடத்துகிறார். நல்ல வேலைக்காரர். அலுவலர் மூன்று பட்டறைகளிடம் கொட்டேஷன் கேட்கிறார். ஒன்று 85 ரூபாய், ஒன்று 84, மச்சானுடையது 82. மூன்றில் குறைந்தது அதுதான். ஆர்டர் மச்சானுக்குப் போகிறது.

‘குறைந்த விலைக்குத்தானே கொடுத்தேன், கம்பெனிக்கு லாபம்தானே’ என்று அவர் மனசாரச் சொல்வார். அன்றைக்கு அது உண்மையும்கூட. ஆனால் விலைகளை ஒப்பிடுவதற்கு முன்பே மூன்று முடிவுகளை அவர் எடுத்துவிட்டார். கொட்டேஷன் யாரிடமெல்லாம் கேட்பது என்பது ஒன்று. ஊரில் இருபது பட்டறைகள் இருக்க, அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தவர் அவர். எந்தக் கெடு வைப்பது என்பது இன்னொன்று. இரண்டு நாளில் விலை சொல்லு என்றால், ஏற்கெனவே விவரம் தெரிந்தவருக்கு மட்டும்தான் நிதானமாகக் கணக்குப் போட முடியும். மூன்றாவது, மற்றவர்களின் விலை முதலில் யார் கண்ணில் படுகிறது என்பது. 84 என்று தெரிந்த பிறகு 82 எழுதுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் கடைசியாகத் தெரியும் மூன்று எண்களை மட்டும் பார்த்தால் இவை எதுவும் தெரியாது. அவர் ஒரு வார்த்தைகூட மச்சானிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லவில்லை என்று பிறகு நிரூபிக்க அவராலேயே முடியாது என்பதுதான் சிக்கல்.

இனி ஆர்டர். மாதம் 3,000 ஷாஃப்ட், ஒன்று 82 ரூபாய் என்றால் 2,46,000 ரூபாய். இதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். அலுவலர் ஆயிரம் ஆயிரமாக மூன்று ஆர்டர் போடுகிறார்; ஒவ்வொன்றும் 82,000. ‘மொத்தமா போட்டா மேலாளர் லீவில இருக்கும்போது நின்னுபோயிடும்’ என்று அதற்கு ஒரு காரணம் இருக்கும். உண்மையான காரணமாகவும் இருக்கலாம். ஆனால் மேலாளர் பார்த்திருக்க வேண்டிய ஒரு தாள் அவர் மேசைக்கே போகாமல் நின்றுவிட்டது.

ஐந்தாவது மாதம் ஒரு லாட்டில் சிக்கல் வருகிறது. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்டின் விட்டம் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வரைபடம் அனுமதிப்பது 20.000-லிருந்து 19.987 வரைக்கும்தான், அதாவது 13 மைக்ரான். வந்த லாட்டில் சில 19.981 காட்டுகின்றன. குறைந்துபோன ஷாஃப்டைத் திரும்பக் கடைந்து சரிசெய்ய முடியாது, கழிக்கத்தான் வேண்டும். தரப் பரிசோதகர் லாட்டை நிறுத்தி வைக்கிறார். மச்சான் போன் போடுகிறார்: ‘மாமா, லாட்டைப் புடிச்சு வெச்சிருக்காங்க, கொஞ்சம் சொல்லுங்க.’ அலுவலர் தரப் பிரிவுக்குப் பேசுகிறார்: ‘லைன் நின்னுபோயிடும், இந்த ஒரு தடவை டீவியேஷன்ல விட்டுடுங்க.’

லைன் நின்றுவிடும் என்பது பொய்யில்லை. கொள்முதல் அலுவலர் வேறு பட்டறைக்காக அதே வேண்டுகோளை வைத்திருந்தால் அது அவருடைய வேலையின் ஒரு பகுதி. இப்போது மட்டும் அந்த வாக்கியத்தின் எடையை யாராலும் அளக்க முடியவில்லை. லைனுக்காகச் சொல்கிறாரா, மச்சானுக்காகச் சொல்கிறாரா? அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரியாது என்பதை நான் நம்பத் தயார். நலன் முரண் ஆபத்தானது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணமே அதுதான்: உறவு நம் தீர்ப்பை எவ்வளவு சாய்க்கிறது என்று உள்ளிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. பேரிங் தளர்ந்து, அதிர்வும் சத்தமுமாகப் பம்புகள் டீலரிடமிருந்து திரும்பி வரும்போது, அந்தப் போன் அழைப்பை யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

கம்பெனிக்கு வரும் பெரிய நஷ்டம் இதுவும் இல்லை. ஒரு வருஷம் ஆகிறது. அளவு கூடியிருக்கிறது, வேலை நிலையாக வருகிறது. மற்ற எந்தப் பட்டறையாக இருந்தாலும் அலுவலர் கூப்பிட்டு, ‘வால்யூம் ஏறிடுச்சு, நாலு ரூபா குறைங்க’ என்று பேசியிருப்பார். மச்சானிடம் அந்தப் பேச்சு எழவே இல்லை. ஷாஃப்டுக்கு நான்கு ரூபாய், மாதம் 3,000, பன்னிரண்டு மாதம்: 1,44,000 ரூபாய். இது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் திருட்டாக வராது. நடக்காமல் போன ஒரு பேச்சுக்கு வவுச்சர் கிடையாது.

இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தால் எங்களைப் போன்ற தணிக்கையாளர்களுக்கு எப்படித் தெரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. தெரிந்திருப்பது உங்களுக்கும் நல்லது. கையெழுத்து வரம்புக்குச் சற்றே கீழே, அடுத்தடுத்த நாள்களில், ஒரே சப்ளையருக்குப் போன ஆர்டர்களைத்தான் முதலில் எடுப்போம். பிறகு சப்ளையர் பட்டியலில் உள்ள முகவரி, போன் எண், வங்கிக் கணக்கு எண்களை ஊழியர் பட்டியலோடு ஒப்பிடுவோம். ஜி.எஸ்.டி. பதிவுத் தேதிக்கும் முதல் ஆர்டருக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்போம். பணம் போன வேகத்தையும் பார்ப்போம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம். அதையும் தாண்டி எல்லாருக்கும் இழுத்தடிக்கிற ஒரு கம்பெனியில், ஒரே ஒரு பட்டறைக்கு மட்டும் ஏழாம் நாள் பணம் போயிருந்தால், கேட்காமல் இருக்க முடியுமா?

இவை எதுவும் தவறுக்கு நிரூபணம் ஆகாது. உறவை முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கோப்பிலேயே இருக்கும். கொடுக்காவிட்டால், நேர்மையான ஆளும் திருடனும் அந்த அறிக்கையில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

உறவினர் என்று யாரைச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் அதன் விதிகளும் உறவினர் என்று ஒரு பட்டியல் தருகின்றன. கணவன், மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள், தந்தை, தாய், மகன், மகனின் மனைவி, மகள், மகளின் கணவர், சகோதரர், சகோதரி. தந்தை, தாய், மகன், சகோதரர், சகோதரி என்பவர்களில் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவும் சேரும். அவ்வளவுதான். மனைவியின் தம்பி இதில் இல்லை. மாமனார் இல்லை. சம்பந்தி இல்லை. சித்தப்பா, தாய்மாமன், சகலை யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு பட்டறை எப்படி ஆரம்பிக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாமனார் முதல் கொடுப்பார், மச்சான் மெஷினைப் பார்த்துக்கொள்வார், சகலை மார்க்கெட்டிங் செய்வார். நம் தொழில் உறவுகள் ஓடுவது பெரும்பாலும் பெண் கொடுத்து எடுத்த வழியில். சட்டப் பட்டியலோ அந்த வழியில் கணவன், மனைவி, மருமகன், மருமகள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதனால் ‘சட்டப்படி அவர் எனக்கு உறவினர் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கியம் சரியாக இருக்கும். நெறிமுறை கேட்ட கேள்விக்கு அது பதிலாக இருக்காது. அந்தப் பட்டியல் இயக்குநர்களையும் தொடர்புடைய தரப்பினரோடு நடக்கும் வியாபாரத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நடத்தை நெறிமுறை அதைவிட அகலமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். உங்கள் கம்பெனியின் நெறிமுறை சட்டப் பட்டியலை மட்டும் ஒட்டி வைத்திருந்தால், இப்படி ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆளுக்கு ஆர்டர் போகவில்லை என்றால், அடுத்த குடும்ப விசேஷத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்குமா? இருக்கும் என்றால் எழுதிக் கொடுங்கள். நண்பருக்கும், பழைய பார்ட்னருக்கும், நீங்கள் கடன் வாங்கியிருக்கிற ஆளுக்கும் இதே அளவுகோல் போதும்.

‘இங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம்தான், இப்படிப் பார்த்தால் யாரிடமும் வாங்க முடியாது’ என்பார்கள். நியாயமான பேச்சு. பதிலும் எளிது: நெறிமுறை வாங்காதே என்று சொல்லவில்லை. மச்சானின் பட்டறை தரமாக, விலை சரியாக இருந்தால் கம்பெனி தாராளமாக வாங்கலாம். நீங்கள் அந்த முடிவில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உறவினர் என்பதற்காகவே ஒரு நல்ல பட்டறையை ஒதுக்குவது கம்பெனிக்கும் நஷ்டம், அந்தத் தம்பிக்கும் அநியாயம்.

விலகி நிற்பது என்றால் என்ன? இங்கேதான் ஏமாற்றம் அதிகம். ‘சார்கிட்ட அப்பவே வாயால சொல்லிட்டேன்’ என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அந்த சார் மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது நினைவில்லை என்பார். வாயால் சொன்னது கோப்பில் நிற்காது. எழுத்தில் சொன்ன பிறகும், அதே ஆள் அதே ஆர்டரைப் போட்டுக்கொண்டிருந்தால் சொன்னதால் ஒரு பயனும் இல்லை.

முழுசாக விலகுவது இப்படி இருக்கும். நீங்கள் படிவத்தில் உறவையும், பட்டறையின் பெயரையும், உங்களுக்கோ மனைவிக்கோ அதில் பங்கு உண்டா என்பதையும், கம்பெனியில் உங்கள் வேலை அந்தப் பட்டறையைத் தொடும் இடங்களையும் எழுதித் தேதி போட்டுக் கொடுக்கிறீர்கள். உங்கள் மேலாளர் பதிலை எழுத்தில் தருகிறார்: இனி இந்தச் சப்ளையரின் விசாரணை, கொட்டேஷன், ஆர்டர், விலைப் பேச்சு, டீவியேஷன் கோரிக்கை, பில் இவையெல்லாம் இன்னாரிடம். அந்த இன்னார் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவராக இருக்கக் கூடாது. உங்கள் கணினி லாகினில் அந்தச் சப்ளையர் கோடு மூடப்படுகிறது, மற்றவர்களின் கொட்டேஷனும் உங்கள் கண்ணில் படாது. ஷாஃப்ட் விலை பற்றிய கூட்டத்தில் நீங்கள் எழுந்து வெளியே போகிறீர்கள். போனது கூட்டக் குறிப்பில் எழுதப்படுகிறது. மச்சான் போன் போட்டால், ‘அதை இப்ப நான் பாக்கறதில்லை, அவரைக் கேளுப்பா’ என்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஏற்பாடு இன்னும் நடக்கிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

கீழே வேலை செய்கிறவர் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு வீழ்ச்சி. அமெரிக்காவின் என்ரான் கம்பெனியில் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தலைமை நிதி அதிகாரி. எல்.ஜே.எம். என்ற பெயரில் அவரே முதலீட்டுக் கூட்டமைப்புகளை நடத்தி, அவற்றின் சார்பில் என்ரானோடு வியாபாரம் செய்தார். இது ஒளித்துச் செய்ததல்ல. 1999 ஜூனிலும் அக்டோபரிலும் இயக்குநர் குழுவே கூடிப் பேசி, கம்பெனியின் நடத்தை நெறிமுறை தடுத்ததை அவருக்காகத் தளர்த்தி அனுமதித்தது. காவலும் போட்டார்கள்: ஒவ்வொரு பேரத்தையும் தலைமைக் கணக்கு அதிகாரியும் தலைமை இடர் அதிகாரியும் பார்க்க வேண்டும், இயக்குநர் குழுவின் கமிட்டி ஆண்டுதோறும் ஆராய வேண்டும் என்று.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நடந்தது வேறு. பல பேரங்களில் என்ரானுக்காகப் பேச உட்கார்ந்தவர்கள் ஃபாஸ்டோவின் கீழ் வேலை பார்த்தவர்கள். எதிர்ப்பக்கத்தில் பலன் அடைய இருந்தவர் அவர்களுடைய மேலதிகாரி. எந்த ஊழியர் அவரோடு விலைக்குச் சண்டை போடுவார்? ஆண்டு ஆய்வு மேலோட்டமாக முடிந்தது. அவருக்கு எவ்வளவு பணம் போகிறது என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. இயக்குநர் குழு பின்னர் அமைத்த விசாரணைக் குழு, அவருக்குக் கிடைத்தது மூன்று கோடி டாலருக்கு மேல் என்று 2002 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதற்குள் 2001 டிசம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்திருந்தது. என்ரான் விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் அல்ல. ஆனால் வெளிப்படையாகச் சொன்னாலும், மேலிடம் அனுமதித்தாலும், விலகல் உண்மையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரியாது. ஆகவே உங்கள் மேலாளர் படிவத்தில் ‘பார்த்தேன், ஆட்சேபணை இல்லை’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தால் திருப்தி அடையாதீர்கள். யார் பார்ப்பது என்று பெயர் போட்டுக் கேளுங்கள்.

நம் நாட்டிலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த சந்தா கோச்சார், கணவரின் தொழிலோடு பணத் தொடர்பு இருந்த வீடியோகான் குழுமத்தின் கடன் விவகாரத்தில் நலன் முரண் விதிகளை மதித்தாரா என்று 2018-இல் கேள்வி எழுந்தது. அந்த மார்ச்சில் இயக்குநர் குழு அவர் மேல் முழு நம்பிக்கை தெரிவித்தது. பிறகு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் விசாரணை நடந்தது. 2019 ஜனவரியில் வெளிவந்த முடிவு, வங்கியின் நடத்தை நெறிமுறையும் நலன் முரண் குறித்த விதிகளும் மீறப்பட்டதாகவும், தெரிவிப்பதிலும் விலகி நிற்பதிலும் குறை இருந்ததாகவும் சொன்னது. ஏற்கெனவே முன்கூட்டியே ஓய்வு கேட்டு வெளியேறியிருந்த அவருடைய விலகலை வங்கி, காரணத்தோடு கூடிய பணிநீக்கமாகவே எடுத்துக்கொண்டது. குற்ற வழக்கு தனிப் பாதை, அதற்குள் நான் போகவில்லை. நம் படிவத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: லஞ்சம் வாங்கினாரா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் விடை வருவதற்கு முன்பே, தெரிவித்தாரா, விலகினாரா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே ஒரு வங்கி தன் தலைவர் விஷயத்தில் முடிவெடுத்தது.

கொள்முதலைத் தாண்டிய இடங்களையும் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். தரப் பரிசோதகர் ஒருவர் ஷிஃப்ட் முடிந்ததும், நமக்கே சப்ளை செய்யும் பட்டறையில் மாலை இரண்டு மணி நேரம் அளவுக்கருவிகளைச் சரிபார்த்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறார் என்றால், அது அப்பட்டமான நலன் முரண். மறுநாள் காலை அந்தப் பட்டறையின் லாட்டை நிறுத்த அவர் கை வராது. ஸ்கிராப் எடுப்பவரின் லாரி உங்கள் அண்ணனுடையது என்றால், எடை மேடையில் நீங்கள் நிற்கக் கூடாது. அப்ரன்டிஸ் நேர்முகத்துக்கு அக்கா மகன் வந்தால், குழுவிலிருந்து எழுந்துவிட வேண்டும். பையன் வரலாம், தேர்வும் ஆகலாம். மேற்பார்வையாளரும் அவருக்குக் கீழ் இருப்பவரும் காதலித்தால் அது அவர்கள் வாழ்க்கை. ஆனால் ஓவர்டைமும் இன்கிரிமென்டும் எழுதும் பேனா வேறு கைக்குப் போக வேண்டும். தீபாவளிக்கு எல்லா மேசைக்கும் வரும் இனிப்புப் பெட்டி பெரிய விஷயம் இல்லை. உங்கள் வீட்டு முகவரிக்கு மட்டும் வரும் வெள்ளி விளக்கு பெரிய விஷயம். அதைத் திருப்பி அனுப்பி, அனுப்பியதை எழுதி வையுங்கள்.

சில தொடர்புகள் இன்றைக்கு முரணாக இல்லாமல், நாளை ஆகக்கூடியவை. இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறீர்கள், மச்சானுக்கும் உங்கள் வேலைக்கும் தொடர்பில்லை; அடுத்த மாதம் கொள்முதலுக்கு மாற்றுகிறார்கள். அந்த மாற்றல் உத்தரவு வந்த அன்றே தெரிவியுங்கள், ஏப்ரல் படிவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வேறு சில, முரணாகவே இல்லாமல் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றக்கூடியவை. சப்ளையரும் நீங்களும் ஒரே இனிஷியல், ஒரே ஊர், உறவு ஒன்றும் இல்லை. அதையும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், பின்னால் யாரோ மொட்டைக் கடிதம் போடும்போது உங்களுக்குக் கவசம்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். சென்ற ஆண்டு படிவத்தைத் திருத்தவோ, பழைய கோப்பிலிருந்து தாளை எடுக்கவோ போகாதீர்கள். அது சிறிய தவறைப் பெரிய குற்றமாக்கிவிடும். இன்றைய தேதி போட்டுப் புதிதாக ஒன்று எழுதுங்கள். மொழி அலங்காரம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘என் மனைவியின் தம்பி, நம் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் இன்ன பட்டறையின் உரிமையாளர். எனக்கோ என் மனைவிக்கோ அதில் பங்கோ வருமானமோ இல்லை. இன்ன மாதத்திலிருந்து இன்று வரை அந்தப் பட்டறைக்கான ஆர்டர்களை நான் போட்டு வந்திருக்கிறேன். அவற்றின் பட்டியலை இணைத்திருக்கிறேன். முன்பே தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. இன்று முதல் இந்தச் சப்ளையர் தொடர்பான வேலைகளை வேறொருவருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஆர்டர் பட்டியலை இணைப்பது கசப்பாக இருக்கும். ஆனால் நீங்களே கொடுத்த பட்டியலை வாசிப்பதற்கும், நாங்கள் தோண்டி எடுத்த பட்டியலை வாசிப்பதற்கும் மேலதிகாரி மனத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. விசாரணை வரலாம், எச்சரிக்கைக் கடிதமும் வரலாம். வராது என்று உங்களுக்கு உறுதி தர என்னால் முடியாது.

மேலாளர்களுக்கும் இதே மடலில் ஒரு வார்த்தை. தானாக வந்து சொன்ன முதல் ஆளை நீங்கள் எல்லார் முன்னிலும் குற்றவாளி போல நடத்தினால், இரண்டாவது ஆள் வர மாட்டார். அடுத்த ஏப்ரலில் எல்லாப் படிவமும் ‘இல்லை’ என்றுதான் வரும், அவற்றை வைத்துக்கொண்டு நாங்களும் எதுவும் செய்ய முடியாது.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், கையில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் கம்பெனிச் செயலாளருக்கு நகல் வைத்து மறுபடியும் அனுப்புங்கள். பதில் வரும் வரை அந்தப் பட்டறையின் ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். லைன் நிற்கும் என்றால் மேலாளர் கையெழுத்துப் போடட்டும். முரண் அந்த மேலாளரிடமே இருந்தால், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் தணிக்கைக் குழுவின் தலைவரை நேரடியாக அணுக வழி வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு சொல்கிறது. வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகளுக்கும் அந்தப் புகார் வழி கட்டாயம். உங்கள் கம்பெனியில் அந்த முகவரி நெறிமுறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

அன்புடன்,
ஓர் உள் தணிக்கையாளர்